குறைந்த கூலிக்கு ஒரு மறுப்புக் கடிதம்

புதிய நிறுவனம் ஒன்று, 12,000 சொற்கள் கொண்ட கையேட்டைத் தமிழாக்க 6,000 ரூபாய் தருவதாக ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 சொற்கள் என்றாலும் மொழிபெயர்க்க ஆறு நாள், சரிபார்க்க இரண்டு நாள். தினக்கூலி 750 ரூபாய்தான். அவருடைய வழக்கமான கட்டணம் சொல்லுக்கு 2 ரூபாய்.

பதில் போடாமல் விடுவதும், "இப்போது நேரமில்லை" என்பதும் தவறு. நேரமில்லை என்றால் அடுத்த மாதம் அதே தொகையோடு திரும்ப வருவார்கள். உண்மையான காரணத்தைச் சொல்வதே நல்லது. இப்படி எழுதலாம்:

"வணக்கம். கையேட்டுப் பணிக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. என் கட்டணம் சொல்லுக்கு 2 ரூபாய். முழுப் பணிக்கும் 24,000 ரூபாய் ஆகும். நீங்கள் ஒதுக்கியுள்ள தொகைக்கு இதை என்னால் ஏற்க இயலவில்லை. அதே தொகைக்குள் முக்கியமான 3,000 சொற்களை மட்டும் செய்து தர முடியும். பின்னர் வேறு பணி வந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்."

இதில் வீட்டுச் செலவு பற்றிய புலம்பலோ, "இவ்வளவு குறைவா?" என்ற குத்தலோ இல்லை. "மன்னிக்கவும்" ஒருமுறைகூட வரவில்லை. அது பேரம் பேச இடம் கொடுத்துவிடும்.

தொகையைக் குறைக்காமல் வேலையின் அளவைக் குறைத்ததுதான் இக்கடிதத்தின் உயிர். முதல் பணிக்கே சொல்லுக்கு 50 காசு என்று ஒப்புக்கொண்டால், அடுத்த பணிக்குப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். "இதை மட்டும் செய்யுங்கள், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அடுத்த பணியின் அளவையும் தேதியையும் எழுத்தில் கேட்க வேண்டும். அவை வராவிட்டால், கட்டணம் மாறாது என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்.