எண்ணெய் கூடினாலும் விளக்கு எரியும்

பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் மலைக்குச் செல்லும் சாலையில் டீசல் ஜீப் ஓட்டும் நண்பர் ஒருவர் ஒருநாள் என்னிடம் வந்தார். "சார், முந்தாநாள்தான் ஒரு லிட்டர் ஆயில் ஊத்தினேன். ஆனா ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரியுது. பின்னால நீலப்புகை வேற. இன்னும் அரை லிட்டர் ஊத்தட்டுமா?" என்றார்.

ஊற்ற வேண்டாம் என்று தடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக் எனும் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தோம். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி 2 செ.மீ. உயரத்தில் நின்றது!

எப்படி நேர்ந்தது இது? அவர் மலைச்சரிவில், வண்டியின் மூக்கு மேல்நோக்கியிருக்க, எஞ்சினை நிறுத்தியவுடனே அளந்திருக்கிறார். எண்ணெய்த் தொட்டி சாய்ந்தாலும் எண்ணெயின் மேற்பரப்பு கிடைமட்டமாகவே நிற்கும் அல்லவா? அவர் எஞ்சினில் குச்சி தொட்டியின் நடுவிலிருந்து 20 செ.மீ. முன்னால் இருக்கிறது. 20-க்கு 1 என்ற சரிவில் அங்கே மட்டம் 1 செ.மீ. தாழ்ந்து காட்டும். மேலும், சற்றுமுன் ஓடிய எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து இறங்க நேரமாகும். இரண்டும் சேர்ந்து, நிறைந்திருந்த எண்ணெயைக் குறைவாகக் காட்டிவிட்டன. இந்த எஞ்சினில் இரு கோடுகளுக்கும் இடைவெளி 2 செ.மீ.; அது ஒரு லிட்டருக்குச் சமம். ஆகவே ஊற்றிய லிட்டர் முழுவதும் மிகைதான்.

எண்ணெய் மிகுந்தால் அழுத்தம் கூடத்தானே வேண்டும், விளக்கு ஏன் எரிகிறது? அந்த விளக்கு எண்ணெயின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தையே பார்க்கிறது. மட்டம் உயர்ந்ததால், நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயில் தோய்ந்து, மத்து மோரைக் கடைவதுபோல் அதைக் கடைந்து நுரையாக்கியது. நுரையிலுள்ள காற்று பம்பில் சுருங்கிக்கொடுக்கும், அழுத்தம் எழாது. பேரிங்குகளுக்கும் காற்று கலந்த எண்ணெயே போகும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. அத்துடன், சிதறிய எண்ணெய்த் துளிகள் காற்றுப்போக்கிக் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு, சிலிண்டரில் எரிந்து நீலப்புகையாயின. டீசல் எஞ்சினில் இப்படி நிறைய எண்ணெய் புகுந்தால், அதையே எரிபொருளாகக் கொண்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். நண்பர் அரை லிட்டர் சேர்த்திருந்தால்?

இனி, திருத்தம். எஞ்சினை மிதமாகச் சூடாக்கி நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தோம். குச்சியின் துவாரத்தில் மெல்லிய குழாயை இறக்கி, பெரிய சிரிஞ்சினால் 500 மி.லி. உறிஞ்சி எடுத்தோம். குச்சியைத் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி பார்த்தால் 1 செ.மீ. மிகை. மீண்டும் 300 மி.லி., பிறகு 200. எண்ணெய் மேல்கோட்டிற்கு வந்தது. அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தியும் எடுக்கலாம்; ஆனால் எண்ணெய் குபுகுபுவென்று கொட்டும், அளவு தப்பும்.

விளக்கு உடனே அணைந்தது. குழாய்களில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை, சிறிது தூரம் புகை வந்து நின்றது.

எண்ணெய் ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் கதை வேறு. குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வீசினால் எரிபொருள் கலந்துவிட்டது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். அப்போது கொஞ்சம் வடிப்பது பயன்படாது. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, எண்ணெய் முழுவதையும் மாற்றவேண்டும்.