காரிகையும் குறுந்தொகையும்

குறிப்பேட்டில் தனக்காகவே கவிதை எழுதிவரும் மாணவி ஒருத்தி, இவ்விரண்டு அடிகளை எழுதியிருக்கிறாள் எனக் கொள்க.

முற்றத்தில் நின்ற முருங்கை சாய்ந்தது
என்மனம் மிகவும் துயரம் கொண்டது

இவற்றைத் திருத்த விரும்பும் அவளுக்கு இருவகை நூல்கள் துணைசெய்யும். ஒன்று இலக்கண நூல்; மற்றொன்று தொகை நூல்.

இலக்கணத்திற்கு அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை ஏற்றது. உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என்னும் மூன்று இயல்களுள் தொடக்கநிலையினர் உறுப்பியலை முதலில் கற்றல் வேண்டும். நூற்பாவை மட்டும் மனனம் செய்தல் போதாது. குணசாகரர் உரையிலுள்ள எடுத்துக்காட்டுகளை அசைபிரித்துப் பார்த்தால்தான் விதி விளங்கும். அவ்வாறு பழகியவள் தன் அடியையும் அலகிடுவாள். ‘முற்/றத்/தில்’ நேர்நேர்நேர் என மூவசைச் சீராகிறது. ஆசிரிய அடியில் ஈரசைச் சீர்களே மிகுதியாக வரும். மூவசைச் சீர் சிறுபான்மையே. ஏனைய சீர்களோடு ஒத்து நடக்க அங்கே ஈரசைச் சொல் ஒன்று தேவை.

இரண்டாம் அடியிலோ காரிகை குறை காணாது. ‘என்/மனம்’ கூவிளம், ‘மிக/வும்’ புளிமா, ‘துய/ரம்’ புளிமா, ‘கொண்/டது’ கூவிளம். நான்கும் ஈரசைச் சீர்களே. ஆயினும் அவ்வடி படிப்பவர் மனத்தில் எதையும் எழுப்பவில்லை. யாப்பு நூலின் எல்லை இதுவே. சீர் சரியா என்று அது சொல்லும். சொல் உயிருள்ளதா என்று சொல்லாது.

இங்கே குறுந்தொகை உதவுகிறது. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளில் அமைந்த 401 பாடல்கள் கொண்ட தொகை அது. ஒரே கவிஞரின் நூலைத் திரும்பத் திரும்பப் படிப்பவர் அவர் குரலிலேயே எழுதத் தொடங்கிவிடுவதுண்டு. பலர் பாடிய தொகையில் அந்த இடர் குறைவு. இத்தொகையில் அணிலாடு முன்றிலார் என்றொரு புலவர் இருக்கிறார். தலைவன் பிரிந்தபோது தலைவி உறும் தனிமைக்கு, மனிதர் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடும் காட்சியை உவமையாக்கினார். அவ்வுவமையே அவருக்குப் பெயராயிற்று.

அப்பாடலைப் படித்த மாணவிக்கு இரண்டு பயன்கள் கிட்டுகின்றன. ‘முன்/றில்’ என்னும் ஈரசைச் சொல் கிடைக்கிறது. துயரத்தைக் காட்சியால் காட்டும் வழியும் புலப்படுகிறது. அடிகள் இவ்வாறு மாறுகின்றன.

முன்றில் நின்ற முருங்கை சாய்ந்தது
வெற்று வெளியைக் காக்கை சுற்றும்

‘துயரம்’ என்ற சொல் நீங்கியது. கூடிழந்த காக்கை அவ்விடத்தில் வந்தது. (புதுக்கவிதை எழுதுவோர்க்குச் சி. சு. செல்லப்பா 1962இல் வெளியிட்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு இத்தகைய துணையாகும். ஆனால் அலகிடும் பயிற்சி அவர்களுக்கும் வீண்போகாது.)

ஆசிரியப்பாவிற்கு மூன்றடியேனும் வேண்டும். எல்லா அடியும் நாற்சீராய் வருவது நிலைமண்டிலம் ஆதலின், அவள் எழுத வேண்டிய மூன்றாம் அடிக்கும் நான்கு சீர்களே இடம்.