இணைப்பை அகற்றினால் அணையும் மடிக்கணினி

மின் இணைப்பு உள்ளவரை மடிக்கணினி செவ்வனே இயங்குகிறது. செருகியை அகற்றிய கணமே அணைந்துவிடுகிறது. இத்தகைய கோளாறு நேர்ந்ததும் "பாட்டரி தீர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டிப் புதிய பாட்டரி வாங்குவோர் பலர். புதியதைப் பொருத்திய பின்னரும் அதே நிலை நீடிப்பதைக் கண்டு அவர்கள் திகைப்பதுண்டு. அணைந்த கணத்திலிருந்து தெரிவது ஒன்றே: அப்போது பாட்டரியிலிருந்து மின்சாரம் வரவில்லை. பாட்டரி நலிந்ததால் வரவில்லையா, அல்லது அதற்குள் மின்சாரமே புகாததால் வரவில்லையா என்பது தனிக் கேள்வியாகும்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை அடாப்டர் ஏறத்தாழ 19.5 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. அது மடிக்கணினியின் செருகுவாய் வழியே உட்புகுந்து இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை கணினியை இயக்குகிறது. மற்றொன்று மின்னேற்றச் சுற்றின் வழியே பாட்டரியைச் சென்றடைகிறது. முதற்கிளைக்கு எப்போதும் முதலிடம். கணினியின் தேவை போக எஞ்சியதே பாட்டரிக்குக் கிடைக்கும். ஆகவே அடாப்டரின் வலிமை குன்றினாலும் கணினி ஓடிக்கொண்டே இருக்கலாம். பாட்டரி மட்டும் பட்டினி கிடக்கும்.

உருளை வடிவச் செருகியைக் கொண்ட பல மடிக்கணினிகளில் வேறொரு நுட்பமும் உண்டு. செருகியின் வெளிப்புற உலோகமும் உட்புற உலோகமும் மின்சாரத்தை ஏந்தி வருகின்றன. நடுவிலுள்ள மெல்லிய ஊசியோ மின்சக்தியைக் கொணர்வதில்லை. அடாப்டர் எத்தனை வாட் தரவல்லது என்னும் அடையாளத்தை மட்டும் கணினிக்குத் தெரிவிக்கிறது. இவ்வடையாளம் கிட்டாவிடில் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இயங்கும். பாட்டரிக்கு மின்னேற்றம் செய்ய மறுத்துவிடும். அடாப்டர், செருகுவாய், பாட்டரி ஆகிய மூன்றையும் பிரித்தறிவதில் பெரும்பாலும் குழப்பம் விளைவிப்பது இந்த ஊசியே.

ஓர் உதாரணத்தைக் காண்போம். ஒரு கல்லூரி நூலகத்து மடிக்கணினி, நான்கு ஆண்டுகள் பயன்பட்டது. அடாப்டரின் மீது 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என அச்சிடப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் பெருக்கினால் அது 65 வாட் அடாப்டர் என்பது விளங்கும். திரையில் பாட்டரி 0% என்றும், "Plugged in, not charging" என்றும் காணப்பட்டது. புதிய பாட்டரிக்கு விலை கேட்கும் நிலைக்கு அலுவலர்கள் வந்துவிட்டனர்.

முதற்படியாகப் பாட்டரியின் வரலாறு பார்க்கப்பட்டது. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து பின்வருமாறு தட்டச்சு செய்தால் ஓர் அறிக்கை கிடைக்கும்:

```
powercfg /batteryreport
```

அவ்வறிக்கையில் `DESIGN CAPACITY` என்பது பாட்டரி புதிதாக இருந்தபோது கொள்ளவேண்டிய அளவு. `FULL CHARGE CAPACITY` என்பது இப்போது கொள்ளும் அளவு. நூலகக் கணினியில் முன்னது 42,000 மில்லிவாட்-மணி, பின்னது 33,600. அதாவது பாட்டரி நூற்றுக்கு எண்பது பங்கு நலத்துடன் இருந்தது. இவ்வளவு வலிமை கொண்ட பாட்டரி இணைப்பை அகற்றியதும் ஒரு நொடிகூடத் தாங்காதிருக்க இடமில்லை. எனினும் இந்த எண் பாட்டரிக்குள் உள்ள அளவி முன்னர் கணித்து வைத்ததேயாதலால், இதனை இறுதிச் சான்றாகக் கொள்ளாமல் ஐயத்தை வேறுபக்கம் திருப்பும் குறிப்பாகவே கொள்ளவேண்டும்.

அடுத்து மல்டிமீட்டரால் அடாப்டரின் முனையை அளந்ததில் 19.6 வோல்ட் காட்டியது. இதைக் கொண்டு அடாப்டர் நன்றாக உள்ளது எனக் கூறிவிட இயலாது. சுமை ஏதும் இல்லாதபோது சரியான அழுத்தத்தைக் காட்டும் பழைய அடாப்டர், சுமை ஏறியதும் தளர்ந்துவிடலாம். நடு ஊசியின் கம்பி அறுந்திருப்பதையும் இந்த அளவு காட்டாது. இவ்வாறு அளக்கும்போது கருவியின் முனை நடு ஊசியையும் உட்புற உலோகத்தையும் ஒருசேரத் தொட்டுவிடலாகாது. தொட்டால் அடையாளச் சில்லு பழுதுற்று, நல்ல அடாப்டரும் கெட்டுவிடும்.

பின்னர் கணினியைத் தொடங்கும்போதே அதன் அமைப்புத் திரை திறக்கப்பட்டது. அங்கே அடாப்டரின் வகை `Unknown` என்றிருந்தது. இதனால் கோளாறு பாட்டரியில் இல்லை என்பது ஏறக்குறைய உறுதியாயிற்று. ஏனெனில் அடாப்டரை அடையாளங்காணும் செயலில் பாட்டரிக்குப் பங்கே இல்லை. எஞ்சியவை அடாப்டரும் செருகுவாயும். இவற்றைப் பிரிக்க மாற்றுச் சோதனையே தக்க வழியாகும். நூலக அடாப்டரை அதே வகையான வேறொரு நல்ல கணினியில் செருகியபோது அங்கு மின்னேற்றம் உடனே தொடங்கியது. அக்கணினியின் அடாப்டரை நூலகக் கணினியில் செருகியபோதோ, மீண்டும் `Unknown` என்றே வந்தது. ஆகவே அடாப்டர் குற்றமற்றது. பழுது கணினியின் பக்கமே உள்ளது.

இறுதியாகச் செருகியை மெல்ல ஒருபுறம் சாய்த்துப் பிடித்தபோது மின்னேற்ற விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. செருகுவாயின் நடுத்தொடுமுனை தளர்ந்திருந்ததே காரணம். அக்கணினியில் செருகுவாய் ஒரு சிறு கம்பித் தொகுதியுடன் தனி உறுப்பாக இருந்தமையால், தொழில்நுட்பர் அதனை மட்டும் மாற்றினார். தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட செருகுவாயாயின் வேலை கடினமாகியிருக்கும். பின்பு முழு மின்னேற்றம் செய்து, சுமார் 12 வாட் செலவாகும் சாதாரணப் பணியில் கணினியை ஓடவிட்டனர். 33.6 வாட்-மணியை 12 ஆல் வகுத்தால் 2.8 மணி வருகிறது. கணினி இரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஓடியது. பாட்டரி நலமாக உள்ளது என்பதற்கு இதுவே மெய்யான சான்று.

மற்ற இரு கோளாறுகளின் அடையாளங்கள் வேறானவை. அடாப்டரின் வலிமை குன்றியிருந்தால், கணினியை அணைத்து வைத்திருக்கும்போது பாட்டரி ஏறும். பணி மிகும்போது ஏற்றம் நின்றுவிடும், அல்லது இருப்பே குறையும். குறைந்த வாட் கொண்ட அடாப்டரைச் செருகினாலும் இதே நிலை ஏற்படும். பாட்டரி நலிந்திருந்தாலோ, அடாப்டர் சரியாக அடையாளங்காணப்படும். ஏற்றமும் விரைவில் 100% எனக் காட்டும். ஆனால் இணைப்பை அகற்றியதும் 100 என்பது சட்டெனச் சரியும், அல்லது கணினி அணையும். பாட்டரியின் உள் எதிர்ப்பு வளர்ந்திருப்பதால், சுமை விழுந்ததும் அதன் அழுத்தம் வீழ்ந்து, பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதே இதற்குக் காரணம்.

டைப்-சி செருகுவாய் கொண்ட கணினிகளுக்கு மல்டிமீட்டர் சோதனை பொருந்தாது. அங்கு அடாப்டரும் கணினியும் தம்முள் செய்தி பரிமாறி இசைந்த பின்னரே உயர்ந்த அழுத்தம் வெளிவரும். எனினும் மாற்றுச் சோதனை அவற்றிற்கும் பொருந்தும்.

இச்சோதனைகளைத் தள்ளிப்போடுவது நன்றன்று. மின்னேற்றமின்றி வாரக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்கும் லித்தியம் பாட்டரி, தன்மேல் குற்றமில்லாதபோதும் மீளாப் பழுதடையக்கூடும். விசைப்பலகையோ அடித்தட்டோ புடைத்திருப்பின் பாட்டரி வீங்கியிருக்கலாம். அந்நிலையில் சோதனை எதுவும் செய்யாமல், கணினியை அணைத்து இணைப்பை அகற்றி, அழுத்தாமலும் துளைக்காமலும் தொழில்நுட்பரிடம் ஒப்படைத்தல் வேண்டும். செருகியோ செருகுவாயோ தொட இயலாதவாறு சூடேறினும், கருகல் தென்படினும் அவ்வாறே செய்தல் வேண்டும்.