தொடர்பு விவர மாற்றத்தைத் தெரிவித்தல்

நுழையும்முன்

வேலைக்கு விண்ணப்பித்த நாளுக்கும் பணிநியமன ஆணை கைக்கு வரும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் கழிவதுண்டு. அந்த இடைவெளியில் விண்ணப்பதாரரின் அலைபேசி எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ மாறினால், நிறுவனம் அனுப்பும் செய்தி அவரைச் சென்றடையாது. அம்மாற்றத்தை யாருக்கு, எப்போது, எவ்வாறு தெரிவிக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

செய்தி ஏன் தவறுகிறது?

ஆள்சேர்ப்பு அலுவலர் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைக் கையாள்கிறார். எனவே, பெரும்பாலான நிறுவனங்களில் விண்ணப்பதாரரின் விவரங்கள் கணினியில் ஒரு பதிவாகச் சேமிக்கப்படுகின்றன. நேர்காணல் அழைப்பு, தேர்வு முடிவு, பணிநியமன ஆணையைத் திறப்பதற்கான இணைப்பு ஆகியவை அப்பதிவில் உள்ள முகவரிக்குத் தாமாகவே செல்கின்றன. அவற்றை ஒவ்வொரு முறையும் அலுவலர் தம் கையால் எழுதி அனுப்புவதில்லை.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. விண்ணப்பதாரர் ஒருவர் தம் புதிய முகவரியை மின்னஞ்சலில் தெரிவிக்கிறார். அலுவலரும் ‘குறித்துக்கொண்டேன்’ என மறுமொழி அனுப்புகிறார். ஆயினும், கணினிப் பதிவில் பழைய முகவரி திருத்தப்படாமல் இருந்தால், அடுத்த அழைப்பு பழைய முகவரிக்கே செல்லும். அலுவலர் அறிந்திருப்பது வேறு. பதிவு மாறியிருப்பது வேறு. பதிவு மாறிய பின்னரே தெரிவிக்கும் பணி நிறைவுபெறுகிறது.

அலைபேசி எண்ணில் மற்றோர் இடரும் உண்டு. நெடுநாள் பயன்படுத்தப்படாத எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் துண்டித்துவிடும். துண்டிக்கப்பட்ட எண், இந்தியாவில் குறைந்தது 90 நாள்கள் கழிந்த பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அதன்பின் அலுவலர் அந்த எண்ணை அழைத்தால் முன்பின் அறியாத ஒருவர் பேசுவார். ‘தவறான எண்’ என்னும் விடையைக் கேட்ட அலுவலர், பட்டியலில் உள்ள அடுத்த பெயருக்குச் சென்றுவிடக்கூடும்.

எண்ணை மாற்றத்தான் வேண்டுமா?

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011ஆம் ஆண்டு சனவரி 20 முதல் இந்தியா முழுவதும் நடைமுறையில் உள்ளது. `PORT` என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, தம் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் முதற்படி. சிம் அட்டை தொலைந்துபோனாலும், உரிய அடையாளச் சான்றைக் காட்டி அதே எண்ணுக்கு மாற்று அட்டை பெறலாம். எண் மாறாத இத்தகைய சூழல்களில் ஆள்சேர்ப்பு அலுவலருக்கு எதையும் தெரிவிக்கத் தேவையில்லை.

மின்னஞ்சலின் நிலை வேறு. கல்லூரி வழங்கும் மின்னஞ்சல் முகவரி, படிப்பு முடிந்த சில காலத்தில் மூடப்படுவதுண்டு. வளாக நேர்காணலின்போது அம்முகவரியைத் தந்த மாணவர் அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி

முகவரி மாற்றக் கோரிக்கையைப் பெறும் அலுவலருக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும்: ‘இதை எழுதியவர் உண்மையில் அந்த விண்ணப்பதாரர்தாமா?’ முன்பின் அறியாத முகவரியிலிருந்து, ‘இனி என் செய்திகளை இங்கே அனுப்புக’ என எவரும் எழுதிவிட முடியும். பிறருக்குரிய பணிநியமன ஆணையைக் கைப்பற்ற முயலும் மோசடிக்காரரும் அவ்வாறே எழுதுவார். ஆகவே, மாற்றத்தைத் தெரிவிப்பவர் தம்மை மெய்ப்பிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

மெய்ப்பிக்கும் எளிய வழி, பழைய முகவரியிலிருந்தே எழுதுவதாகும். நிறுவனத்தின் பதிவில் உள்ள முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை அலுவலர் எளிதில் நம்புவார். புதிய முகவரிக்கும் அதன் படியை அனுப்பினால், இரண்டும் ஒருவருடையவை என்பது விளங்கும். அலைபேசி எண் மாறும்போது மின்னஞ்சலும், மின்னஞ்சல் மாறும்போது அலைபேசி எண்ணும் சாட்சியாக நிற்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் மாற்றுபவர் அச்சாட்சியை இழக்கிறார். எனவே, ஒன்றை மாற்றி, அது பதிவில் ஏறியதை உறுதிசெய்த பின்னரே மற்றொன்றை மாற்ற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

திருச்சிராப்பள்ளியில் இளங்கலை வணிகவியல் இறுதியாண்டு பயிலும் கயல்விழி என்னும் மாணவி, வளாக நேர்காணல் வழியாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுப் பணிக்குத் தேர்வுபெறுகிறார் எனக் கொள்வோம். பணிநியமன ஆணை சூலை மாதத்தில் வரும். கல்லூரி மின்னஞ்சலோ சூன் 30 அன்று மூடப்படும். சூன் முதல் நாளில் அவர் தமக்கெனத் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்குகிறார். மறுநாள் கல்லூரி முகவரியிலிருந்து, புதிய முகவரிக்கும் படி இட்டு, பின்வரும் மடலை அனுப்புகிறார்.

பொருள்: மின்னஞ்சல் முகவரி மாற்றம் – கயல்விழி – விண்ணப்ப எண் 1182

மதிப்பிற்குரிய அம்மையீர்,
வணக்கம். மார்ச் 14 அன்று நடைபெற்ற வளாக நேர்காணலில் கணக்கு உதவியாளர் பணிக்கு நான் தேர்வு செய்யப்பட்டேன். நான் தற்போது பயன்படுத்தும் கல்லூரி மின்னஞ்சல் முகவரி சூன் 30 முதல் செயல்படாது. என் புதிய முகவரி: `kayalvizhi@example.com`. இம்மடலின் படி அம்முகவரிக்கும் செல்கிறது. என் அலைபேசி எண்ணில் மாற்றம் இல்லை.
என் விண்ணப்பப் பதிவில் புதிய முகவரியைச் சேர்த்து, அம்முகவரிக்கு ஒரு மறுமொழி அனுப்புமாறு வேண்டுகிறேன்.
இப்படிக்கு,
கயல்விழி

இம்மடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பயன் உண்டு. பெயரும் விண்ணப்ப எண்ணும் பொருள் வரியிலேயே இருப்பதால், அலுவலர் மடலைத் திறக்குமுன்பே உரிய பதிவைத் தேடியெடுக்கலாம். பழைய முகவரி எந்நாள்வரை செயல்படும் என்பது கூறப்பட்டிருப்பதால், எதற்குள் திருத்த வேண்டும் என்பது தெரிகிறது. எது மாறவில்லை என்பதும் சொல்லப்பட்டிருப்பதால், ஐயம் எழுந்தால் அழைத்துக் கேட்க ஓர் எண் இருக்கிறது. மாற்றத்திற்கான குடும்பக் காரணங்களோ நீண்ட வருத்த உரைகளோ மடலில் இல்லை. அவை அலுவலருக்குத் தேவைப்படுவதில்லை.

சூன் 4 அன்று அலுவலரின் மறுமொழி புதிய முகவரிக்கு வருகிறது. கயல்விழி அத்துடன் நின்றுவிடவில்லை. நிறுவனத்தின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் தம் கணக்கைத் திறந்து பார்க்கிறார். அங்கே பழைய முகவரியே இருக்கிறது. தம் விவரப் பக்கத்தில் அதைத் திருத்த முயலும்போது, உறுதிப்படுத்துவதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் பழைய முகவரிக்கே வருகிறது. பழைய முகவரி இன்னும் திறந்திருப்பதால் திருத்தம் நிறைவேறுகிறது. சூலை மாதத்தில் இதைச் செய்ய முயன்றிருந்தால் அக்கடவுச்சொல் அவருக்குக் கிடைத்திருக்காது. புதியதைத் திறந்து, பதிவை மாற்றி, அதன்பின் பழையதைக் கைவிடுவதே உரிய வரிசை என்பதற்கு இதுவே காரணம்.

இடைக்காலப் பாதுகாப்பாக, பழைய முகவரிக்கு வரும் மடல்கள் புதிய முகவரிக்குத் தாமாகவே செல்லும்படியும் அவர் அமைத்துக்கொள்கிறார். ஆனால், பழைய கணக்கு மூடப்பட்டதும் இவ்வமைப்பும் நின்றுவிடும். ஆகவே, இது பதிவைத் திருத்துவதற்கு மாற்றாகாது.

மாறியதை எவ்வாறு அறிவது?

பதிவு மாறியதற்கு உறுதியான சான்று ஒன்றே: நிறுவனத்தின் கணினி தானாக அனுப்பும் செய்தி புதிய முகவரிக்கு வந்து சேர்தல். இணையதளத்தில் கடவுச்சொல்லை மாற்றக் கோரினால் அத்தகைய செய்தி வரும். அது எந்த முகவரிக்கு வருகிறது எனப் பார்க்கலாம். புதிய முகவரியில் காணப்படாவிட்டால், ஸ்பேம் எனப்படும் வேண்டாத மடல்களுக்கான பகுதியையும் தேட வேண்டும். புதிதாகத் தொடர்புகொள்ளும் நிறுவனத்தின் மடல்கள் அங்கே ஒதுக்கப்பட்டுவிடுவதுண்டு.

அலுவலரிடமிருந்து மூன்று வேலைநாள்களில் மறுமொழி வராவிட்டால், முந்தைய மடலைத் தொடர்ந்தே சுருக்கமாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் விடை இல்லையெனில் தொலைபேசியில் பேசுவது நன்று. சில நிறுவனங்களில் பின்னணிச் சரிபார்ப்பை வேறொரு முகமை மேற்கொள்கிறது. முகமைக்கு விவரங்கள் முன்பே அனுப்பப்பட்டிருந்தால், நிறுவனத்தின் பதிவில் செய்த திருத்தம் அங்கே சென்றிருக்காது. ‘என் விவரங்கள் வேறு எவரிடமேனும் உள்ளனவா?’ என்று கேட்டு, அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பழையது முன்பே மூடப்பட்டிருந்தால்

பழைய மின்னஞ்சல் கைவிட்டுப் போயிருந்தால், புதிய முகவரியிலிருந்து எழுதி அதை வெளிப்படையாகக் கூற வேண்டும். விண்ணப்ப எண், நேர்காணல் நடந்த நாள், பதிவில் உள்ள அலைபேசி எண் ஆகியவற்றைத் தந்து, அந்த எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்துகொள்ளுமாறு வேண்டலாம். மின்னஞ்சல், அலைபேசி எண் இரண்டுமே கைவிட்டுப் போயிருந்தால், கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு அலுவலர் வழியாகவோ நேரில் சென்றோ அடையாளத்தை மெய்ப்பிப்பதே வழி.

இவ்வேளையில் விழிப்பும் தேவை. ‘உங்கள் எண்ணை மாற்றித் தருகிறோம், கடவுச்சொல்லைக் கூறுங்கள்’ என்றோ, ‘கட்டணம் செலுத்துங்கள்’ என்றோ அழைப்பு வந்தால், அது ஆள்சேர்ப்பு அலுவலரின் அழைப்பாக இராது. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணை நாமே அழைத்துப் பேச வேண்டும்.

அரசுத் தேர்வுகளில் நடைமுறை வேறுபடும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திற்கு விண்ணப்பிப்போர் தம் விவரங்களை ஒருமுறைப்பதிவில் தாமே பதிகின்றனர். அங்கே தனி அலுவலருக்கு மடல் எழுதுவதைவிட, அப்பதிவில் உள்ள எண்ணையும் முகவரியையும் தாமே சரியாக வைத்திருப்பதே முதன்மையானது. குறுஞ்செய்தியை மட்டும் நம்பியிராமல், தேர்வாணைய இணையதளத்தையும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

கயல்விழியின் எடுத்துக்காட்டில், பணிநியமன ஆணைக்கான இணைப்பு சூலை 6 அன்று புதிய முகவரிக்கு வருகிறது. ஏழு நாள்களுக்குள் ஒப்புதல் தர வேண்டும் என அதில் குறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் கல்லூரி முகவரி மூடப்பட்டு ஆறு நாள்கள் ஆகியிருந்தன.