சார்லஸ், டயானா: பொருந்திய லக்னங்கள்

மேற்கத்திய ஜோதிடத்தில் லக்னம் என்பது ஒருவர் பிறர் கண்ணில் முதலில் படும் விதம். அதற்கு நேர் எதிரே உள்ள ஏழாம் இடம், அவரை ஈர்க்கும் துணையைக் காட்டும். ஜோடியின் முதல் சந்திப்பைப் படிக்க, ஒருவருடைய கிரகங்கள் மற்றவரின் இந்த இரு புள்ளிகளில் எங்கே விழுகின்றன என்று பார்ப்பார்கள்.

சார்லஸுக்குச் சிம்ம லக்னம், 5 பாகை. டயானாவுக்குத் தனுசு, 18 பாகை. இரண்டும் நெருப்பு ராசிகள், பொருத்தம் என்பார்கள். டயானாவின் லக்னாதிபதி குருவோ கும்பத்தில் 5 பாகையில், சார்லஸின் ஏழாம் இடத் தொடக்கத்திலேயே நிற்கிறார். 'இவளே துணை' என்று தோன்றவைக்கும் அமைப்பாம். ஆனால் சார்லஸின் செவ்வாய், டயானாவின் லக்னத்துக்கு மூன்று பாகைக்குள். ஈர்ப்பும் அதுவே, உரசலும் அதுவே என்பது விளக்கம். (எது நடந்தாலும் பொருந்திவிடும் விளக்கம்!)

சிக்கல் பிறந்த நேரத்தில். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ராசி மாறிவிடும். டயானாவுக்கு மாலை 7.45, பிற்பகல் 2 என இரு நேரங்கள் சொல்லப்பட்டன. பின்னதை எடுத்தால் துலா லக்னம், செவ்வாய்க் கதையே கிடையாது.

நம் திருக்கணித முறையில் கணித்தால் சார்லஸுக்குக் கடகம், டயானாவுக்கு விருச்சிகம். அங்கும் ஒரே பூதம்தான், நீர், அங்கும் பொருத்தம்தான். 1981-இல் மணந்தவர்கள் 1996-இல் விவாகரத்துப் பெற்றார்கள்.