புளியங்கொட்டைச் சீட்டு

கடந்த ஆண்டு குமுளி ஏலக்காய்க் கடையில் என் மகன் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளம் வந்த வாரமே, "அப்பா, சீட்டுல சேர்ந்து முதல் மாசமே எடுத்து செல்போன் வாங்கட்டுமா?" என்றான். அறிவுரை சொல்லவில்லை, வீட்டிலேயே ஒரு சீட்டு விளையாடினோம்.

ஐந்து பேர். மாதம் ஆளுக்கு 20 புளியங்கொட்டை, மொத்தம் 100. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே சீட்டு. நடத்துபவர் கமிஷன் 5 தனி டம்ளரில். மீதித் தள்ளுபடி ஐவருக்கும் சமமாகக் கழியும்.

முதல் மாதம் மகன் 80க்கு எடுத்தான். தள்ளுபடி 20இல் கமிஷன் போக 15. ஆளுக்கு 3 கழிந்து, ஒவ்வொருவரும் 17 கட்டினோம். அடுத்து 85, 90, பிறகு இரண்டு முறை 95. முடிவில் கணக்குப் பார்த்தால் ஒவ்வொருவரும் கட்டியது 94. அவன் வாங்கியதோ 80!

"14 கொட்டை வட்டியா?" என்றான். கடைசிவரை காத்திருந்த என் அம்மாவுக்குக் கிடைத்த லாபம் ஒரே ஒரு கொட்டை. டம்ளரில் 25.

மறு ஆட்டத்தில் சீட்டெடுத்த மகள், மூன்றாம் மாதம் வேண்டுமென்றே கட்ட மறுத்தாள். பானை நிரம்பவில்லை. 1969இல் கேரள அரசு தொடங்கிய கே.எஸ்.எப்.இ. கூட, சீட்டெடுத்தவரிடம் ஜாமீன் கேட்பது ஏன் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது.

இப்போது அவன் சீட்டில் சேர்ந்திருக்கிறான். பதிவு செய்த சீட்டா என்று விசாரித்த பிறகு. செல்போன் ஆசையை மட்டும் தள்ளி வைத்திருக்கிறான்.