விருந்தினராக அழைக்க வைக்கும் கடிதம்

"எங்கள் நிறுவனர் முப்பது ஆண்டு அனுபவசாலி, உங்கள் பாட்காஸ்டில் பேச விரும்புகிறார்" என்று வரும் மின்னஞ்சலைத் தொகுப்பாளர் பாதியிலேயே மூடிவிடுவார். அவருக்கு வேண்டியது ஆள் அல்ல, அடுத்த வாரத்துக்கான ஒரு மணி நேரப் பேச்சு.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு நடத்தும் ஒருவருக்காக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "மரச்செக்கு எண்ணெயின் மகத்துவம்" என்பது தலைப்பே அல்ல, விளம்பரம். "ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும், பருப்பின் விலையைவிட மலிவாக எண்ணெய் விற்பவர் அதில் எதைக் கலக்கிறார்?" இது தலைப்பு. கேட்பவர் கடைக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

இதே தலைப்பைச் சிறுதொழில் நிகழ்ச்சிக்கு அப்படியே அனுப்பக் கூடாது. அங்கே கேட்பவர்கள் கடை போட நினைப்பவர்கள். அவர்களுக்கு, அறுவடையில் மொத்தமாகக் கடலை வாங்கிப் பணத்தை முடக்குவதா, மாதாமாதம் வாங்குவதா என்பதுதான் சுவை. இந்த வேறுபாடு தெரிய அண்மை எபிசோடுகள் மூன்றையாவது முழுதாகக் கேட்க வேண்டும். பலரும் தவிர்ப்பது இதைத்தான்.

கடிதத்தின் முதல் வரி, கேட்ட எபிசோடில் விடுபட்ட ஒரு கேள்வியைச் சுட்டட்டும். பிறகு இரண்டு, மூன்று தலைப்புகள், முதலாளி இயல்பாகப் பேசும் இரண்டு நிமிடப் பதிவு. அந்தப் பதிவை விட்டுவிடாதீர்கள். நன்றாகத் தொழில் செய்பவரெல்லாம் மைக் முன் பேசிவிடுவதில்லை. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.